ஆண்டுக்கு 57,200 ரூபாய் மிச்சம்: யாருக்கு?

கேள்வி: ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கம் 1,200 சதுர அடி மனையில் 1,050 சதுர அடி கட்டிய புது வீடு பார்த்திருக்கிறோம். புரமோட்டர் 52 லட்சம் சொல்கிறார். அதே தெருவில் இதே அளவு வீடு போன வருடம் 46 லட்சத்துக்கு முடிந்ததாகக் கேள்வி. கேட்டால், "சார், உங்களுக்கு வட்டிக்கு வரிவிலக்கு இருக்கு. வருஷம் 57,000 மிச்சம். 20 வருஷத்துக்கு பதினொன்றரை லட்சம். 6 லட்சத்தைப் பார்க்கலாமா?" என்கிறார். எனக்கு அரசு வேலை, ஆண்டுச் சம்பளம் பதின்மூன்றரை லட்சம். மனைவிக்குத் தனியார் கல்லூரியில் 7,20,000. கையிலிருந்து 16 லட்சம் போட்டு, 36 லட்சம் கடன் வாங்க எண்ணம். அவர் சொல்லும் கணக்கு சரியா? அந்த 6 லட்சத்தைக் கொடுக்கலாமா? மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், "வரிச்சலுகையே விற்கிறவனுக்குத்தான் லாபம்" என்கிறார். அது எப்படி?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: 6 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். புரமோட்டர் சொன்ன 57,000 வானத்திலிருந்து வந்த எண் கிடையாது. சட்டத்தில் இருக்கிற எண்தான். ஆனால் இன்றைய நிலையில் அது உங்கள் கைக்கு வரப்போவதில்லை. வந்தாலுமே அதைக் காட்டி விலையை ஏற்றுவது சரியில்லை. உங்கள் உறவினர் சொன்னது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான், அதில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2025-26 நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24(பி) பிரிவுப்படி, நாமே குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வருமானத்தில் கழிக்கலாம். பழைய வரி முறையில் உங்கள் சம்பளம் 13,50,000. நிலையான கழிவு 50,000, 80சி-யில் ஒன்றரை லட்சம் போனால் 11,50,000. அதற்கு வரி, செஸ் சேர்த்து 1,63,800. வட்டி 2 லட்சத்தையும் கழித்தால் வருமானம் 9,50,000, வரி 1,06,600. இரண்டுக்கும் வித்தியாசம் 57,200. புரமோட்டரின் கணக்கு இதுதான். கணக்கில் பிழை இல்லை.

பிழை வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் இப்போது பழைய முறையில் வரி கட்டுகிறீர்களா? 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறைதான் தானாக அமலாகும் முறை. 2025 பட்ஜெட்டில் அதன் விகிதங்களும் இறங்கிவிட்டன. 2025-26 விகிதப்படி உங்கள் 13,50,000 சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக மீதி 12,75,000. வரி, செஸ் சேர்த்து 74,100. வீடு இல்லாமல், கடன் இல்லாமல், ஒரு ரசீதும் காட்டாமல் வருகிற வரி இது. கடன் வாங்கி, வட்டி கட்டி, சான்றிதழ் வாங்கிக் கொடுத்துப் பழைய முறைக்குப் போனால் 1,06,600. அதாவது சலுகையை வாங்கப் போனால் 32,500 கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே கிடையாது என்பதால், புதிய முறையிலேயே இருந்தால் இந்தக் கடனால் உங்களுக்கு வரியில் ஒரு ரூபாய்கூட மாறாது.

மருத்துவக் காப்பீடு 25,000, ஓய்வூதியத் திட்டத்தில் தனியாக 50,000 என்று சேர்த்துப் பார்த்தாலும் பழைய முறையில் 91,000 வருகிறது. இன்னும் 16,900 அதிகம்தான். உங்கள் சம்பளத்துக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமென்றால், வீட்டு வட்டியும் 80சி-யும் போக மேலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கழிவு காட்ட வேண்டும். வேலை சென்னையில், வாடகை வீடு அங்கே, கடன் வாங்கிய வீடு தஞ்சாவூரில் என்று இருப்பவர்களுக்கு வாடகைப்படிக் கழிவு சேர்ந்து அந்த அளவு வரலாம். நீங்கள் தஞ்சாவூரிலேயே வேலை பார்த்து அந்த வீட்டிலேயே குடியேறப் போகிறீர்கள் என்றால், வாடகைப்படிக் கழிவும் அன்றோடு நின்றுவிடும்.

மனைவியையும் கூட்டு உரிமையாளராக, கூட்டுக் கடனாளியாகச் சேர்த்தால் ஆளுக்கு 2 லட்சம் என்று புரமோட்டர் அடுத்த முறை சொல்வார். சொல்வதற்கு முன்பே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியின் 7,20,000 சம்பளத்துக்குப் புதிய முறையில் வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? அவர் பெயரைப் பத்திரத்தில் சேர்க்க வேறு நல்ல காரணங்கள் உண்டு, வரி அதில் ஒன்றாக இல்லை.

இந்தக் கணக்கை நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். incometax.gov.in தளத்தில் உள்நுழையாமலே பயன்படுத்தக்கூடிய வரிக் கணிப்பான் இருக்கிறது. படிவம் 16-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறையிலும் எண்களைப் போட்டுப் பாருங்கள். புரமோட்டர் எதிரிலேயே கைபேசியில் போட்டுக் காட்டினாலும் தவறில்லை.

சரி, இனி உங்கள் உறவினர் சொன்னதற்கு வருகிறேன். எனக்கு இந்தக் கடிதத்தில் பிடித்த கேள்வியே அதுதான். வரிச்சலுகை முழுதாகக் கிடைத்த காலத்திலும் அது வாங்குபவரிடம் தங்கியதா என்பதுதான் உண்மையான விவகாரம்.

2016 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் லாட்ஜ் கிடைக்காமல் எத்தனை பேர் அலைந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்போது அரசு, லாட்ஜில் தங்கும் ஒவ்வொருவருக்கும் 500 ரூபாய் மானியம் என்று அறிவித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அறை ஒன்றுகூடக் கூடியிருக்காது. அறை வாடகை 500 ரூபாய் கூடியிருக்கும். பக்தர் கை வழியாகப் பணம் லாட்ஜ்காரரிடம் போயிருக்கும். வீட்டிலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும், யார் கண்ணிலும் படாமல் நடக்கும்.

உங்கள் தெருவை எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டை நாலு பேர் பார்க்கிறார்கள். நாலு பேரும் மாதச் சம்பளக்காரர்கள், நாலு பேருக்கும் ஆண்டுக்கு 57,200 சலுகை கிடைக்கிற காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 4,767 ரூபாய். எட்டரை சதவீத வட்டியில் 20 வருடக் கடனுக்கு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். 4,767 ரூபாயில் இன்னும் ஐந்தரை லட்சம் கடன் தாங்கும். முதல் ஆள் 46 என்கிறார். இரண்டாமவருக்கு வீடு பிடித்துவிட்டது, வரியில் மிச்சம் வருகிறதே என்று 48 என்கிறார். மூன்றாமவர் 50. ஏறக்குறைய ஐம்பத்தொன்றரையைத் தொடும் வரை யாருக்கும் மாதச் செலவு முன்னைவிடக் கூடாது, சலுகை அதை ஈடுகட்டிக்கொண்டே வரும். அதனால் யாரும் விலகவும் மாட்டார்கள். ஐந்தரை லட்சமும் விலையில் ஏறிவிட்ட பிறகு வாங்கியவர் கையில் மிஞ்சுவது என்ன? சலுகை இல்லாமல் 46-க்கு வாங்கியிருந்தால் மாதம் எவ்வளவு கட்டியிருப்பாரோ அதே செலவு, அதே வீடு. விற்றவருக்கு ஐந்தரை லட்சம் கூடுதல். வங்கிக்குப் பெரிய கடனின் வட்டி. பத்திரத்தில் முழு விலையும் காட்டினால், நம் மாநிலத்தில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து, அந்த ஐந்தரை லட்சத்துக்கு மட்டும் 49,500 அரசுக்கு.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விலை ஏறுவது ஒரே நாளில், நிரந்தரமாக. சலுகையோ ஆண்டாண்டாக, நிபந்தனையோடு வருவது. 36 லட்சம் கடனில் முதல் ஆண்டு வட்டியே 3 லட்சத்தைத் தாண்டும். கழிக்க முடிவது 2 லட்சம்தான். அசல் குறையக் குறைய, பன்னிரண்டாம் ஆண்டிலிருந்து வட்டி 2 லட்சத்துக்குக் கீழே இறங்கும், சலுகையும் கூடவே இறங்கும். தவணை இறங்காது. ஆகவே 57,200-ஐ இருபதால் பெருக்குவது அந்தப் பக்கத்திலும் தவறு.

இப்போது நீங்கள் கொடுக்க நினைக்கும் 6 லட்சத்தையே பாருங்கள். 46 லட்சத்துக்கு வாங்கினால், அதே 16 லட்சம் கையிலிருந்து போட்டு, 30 லட்சம் கடன் போதும். தவணை 26,035. 52-க்கு வாங்கினால் 36 லட்சம் கடன், தவணை 31,242. வித்தியாசம் மாதம் 5,207, 20 வருடத்தில் சுமார் பன்னிரண்டரை லட்சம். புரமோட்டர் காட்டிய பதினொன்றரை லட்சத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்று: 30 லட்சம் கடனிலும் முதல் ஆண்டு வட்டி இரண்டரை லட்சம் வந்துவிடும். அதாவது முதல் 8 ஆண்டுகளுக்கு, சிறிய கடனுக்கும் பெரிய கடனுக்கும் கழிவு அதே 2 லட்சம்தான். பழைய முறையிலேயே இருப்பவருக்குக்கூட, அந்தக் கூடுதல் 6 லட்சம் எட்டு ஆண்டுகளுக்கு ஒரு ரூபாய் சலுகையும் கூட்டித் தராது. 46 லட்சத்து வீட்டுக்கும் அதே 57,200 கிடைக்கும்போது, அதைச் சொல்லி 52 கேட்பதில் என்ன நியாயம்?

இது ஊகம் இல்லையா என்று கேட்கலாம். வெளிநாடுகளில் பார்த்த கதை இருக்கிறது. பிரிட்டனில் எண்பதுகளில் வீட்டுக் கடனில் முதல் 30,000 பவுண்டுக்கான வட்டிக்கு வரிச்சலுகை இருந்தது. மணமாகாமல் ஒரே வீட்டைச் சேர்ந்து வாங்கும் இருவர், ஆளுக்கு 30,000 என்று தனித்தனியாக அனுபவிக்கலாம். 1988 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் நைஜல் லாசன், ஆகஸ்ட் 1 முதல் ஒரு வீட்டுக்கு ஒரு சலுகைதான் என்றார். இடையில் நான்கு மாதம் அவகாசம். அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஜனங்கள் முட்டி மோதினார்கள், அந்தக் கோடையில் வீட்டு விலை பாய்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது, கடன் பாக்கி வீட்டின் மதிப்பைவிடப் பெரிதாக நின்ற குடும்பங்கள் ஏராளம். அவசரப்பட்டு வாங்கியவர்களுக்குச் சலுகை கிடைத்ததென்னவோ உண்மை, அதற்கு அவர்கள் கொடுத்த விலைதான் பெரிது. பிறகு 2000 ஏப்ரலில் அந்தச் சலுகையையே முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். எடுத்த உடனே அங்கே சொந்த வீட்டுக்காரர்கள் குறைந்துவிடவில்லை.

டென்மார்க்கில் 1987இல் வட்டிக் கழிவின் பலனை, முக்கியமாக அதிக வருமானக்காரர்களுக்கு, வெகுவாகக் குறைத்தார்கள். ஜோனத்தன் க்ரூபர், அமாலியே யென்சன், ஹென்ரிக் க்ளெவன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மக்கள் என்ன செய்தார்கள் என்று பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். வீடு வாங்குவதா வேண்டாமா என்ற முடிவில் மாற்றமே தெரியவில்லை. எவ்வளவு பெரிய வீடு, எவ்வளவு பெரிய கடன் என்பதில்தான் மாற்றம். அமெரிக்காவில் ஹில்பர், டர்னர் இருவர் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. புது வீடு கட்டக் கட்டுப்பாடு அதிகமுள்ள ஊர்களில் இந்தச் சலுகை சொந்த வீட்டுக்காரர் எண்ணிக்கையைக் கூட்டவில்லை, குறைக்கவே செய்தது. விலை ஏறி, முன்பணம் சேர்க்க முடியாதவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். எளிதாகக் கட்டக்கூடிய ஊர்களில் ஓரளவு பலன் இருந்தது, அதுவும் வருமானம் கூடியவர்களுக்கு.

முன்பணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. விலை 46-லிருந்து 52 ஆனால், கையிலிருந்து குறைந்தபட்சம் புரட்ட வேண்டிய தொகை, பத்திரச் செலவையும் சேர்த்து, 13,34,000-லிருந்து 15,08,000 ஆகிறது. நகையை அடகு வைத்து முன்பணம் திரட்டும் குடும்பத்துக்கு இந்த 1,74,000 சின்ன விஷயம் இல்லை. வரிச்சலுகை வருவது வீடு வாங்கிய பிறகு. அது ஏற்றிய விலையைக் கொடுக்க வேண்டியது வாங்குவதற்கு முன்பு.

"கட்டக் கட்டுப்பாடு அதிகமுள்ள ஊர்" என்றால் நம் டெல்டாவில் எது? இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் சலுகை யாருக்குப் போகிறது என்பதை முடிவு செய்வது இதுதான். கும்பகோணம் ஊருக்குள் பாருங்கள். தெருத் தெருவாகக் கோயில் நிலம், மடத்து நிலம். வீடு குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது. அப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கிகள் சாதாரணமாகக் கடன் கொடுப்பதில்லை. பட்டா சுத்தமாக உள்ள மனைகள் சில, அவற்றைத்தான் கடன் வாங்கும் அத்தனை சம்பளக்காரர்களும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். புதிதாக ஒரு மனைகூட முளைக்காத இடத்தில், கடனோ வரிச்சலுகையோ வாங்குபவருக்கு என்ன பலம் கொடுத்தாலும் அது அந்தச் சில மனைகளின் விலையில் போய் உட்கார்ந்துவிடும். (ஒரே தெருவில் அடிமனை வீட்டுக்கும் பட்டா வீட்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் முழுவதையும் இதன் மேல் போட முடியாது. உரிமையின் பாதுகாப்புக்கே தனி விலை உண்டு.)

ஊருக்கு வெளியே நிலைமை கொஞ்சம் வேறு. தஞ்சாவூரைச் சுற்றி வல்லம் பக்கம் மேட்டு நிலத்தில் மனைப்பிரிவு போட இடம் இருக்கிறது. அங்கே விலை ஏறினால் புது மனைகளும் வரும், அந்த வரத்து விலையை ஓரளவு பிடித்து வைக்கும். கிழக்கே போகப் போக நஞ்சை. வயலை மனையாக்க அனுமதி வேண்டும், நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவு செய்யவும் முடியாது. ஐப்பசி கார்த்திகையில் வடிகால் வாய்க்கால் நிரம்பினால் எந்த மனை மூழ்கும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். இந்தத் தடைகளெல்லாம் தேவையானவைதான், வயலைத் தின்று வீடு கட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிலம் கூடாத இடத்தில் வாங்குபவர்களுக்கு மட்டும் சலுகை கொடுத்தால், பலன் நிலம் வைத்திருப்பவரிடம் போய்ச் சேரும். மா கணக்கில் வாங்கி, சதுர அடிக் கணக்கில் விற்பவருக்கு இது நன்றாகவே தெரியும்.

உங்கள் உறவினர் சொன்னதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. விலையை முடிவு செய்பவர் யார் என்று பார்க்க வேண்டும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வெளிநாட்டுப் பணம்தான் வீட்டு விலையை நிர்ணயிக்கிறது. கையில் ரொக்கத்தோடு வருபவருக்கு 24(பி) எதற்கு? விவசாய வருமானத்தில் வாங்குபவருக்கும் அப்படியே. அங்கே விலை ஏறியதற்கு வட்டிச் சலுகையைக் குறை சொல்ல முடியாது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர், வங்கி ஊழியர், அரசு ஊழியர் என்று இருக்கும் குடியிருப்புகளில்தான் சலுகை விலைக்குள் நுழையும். நீங்கள் பார்க்கும் வீடு அந்த வகை. புரமோட்டர் முதல் பேச்சிலேயே வரிவிலக்கை எடுத்ததே அதற்கு அடையாளம்.

இன்னொரு காரணத்தாலும் பேரம் பேச இது சரியான நேரம். வட்டிக் கழிவின் உச்சவரம்பை 2014 பட்ஜெட்டில் ஒன்றரை லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அது நகரவே இல்லை. வீட்டு விலையும் சம்பளமும் நகர்ந்துவிட்டன. மேலே புதிய முறை வந்து, உங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சலுகையைப் பயனற்றதாகவே ஆக்கிவிட்டது. சலுகையைச் சேர்த்து ஏற்றிய விலை, சலுகை போனதும் தானாக இறங்க வேண்டும். இறங்குவதில்லை. மனை விலையைக் குறைத்துச் சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் மனம் வராது, விற்காமல் இரண்டு வருடம் போட்டு வைப்பார்களே தவிர. ஆகவே குறைக்க வைப்பது உங்கள் பேரத்தில்தான் இருக்கிறது.

பேரத்துக்கு உட்காருவதற்கு முன் 52 லட்சத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கட்டடம், மனை. கட்டடத்தின் விலையைச் சிமெண்ட், கம்பி, மணல், கொத்தனார் கூலி முடிவு செய்கின்றன. அதில் வரிச்சலுகை பெரிதாக ஒட்டாது. (ஆற்று மணல் விலை தனிக் கதை, அதை இங்கே எடுக்க வேண்டாம்.) நம்பகமான ஒரு மேஸ்திரியை அழைத்துப்போய் வீட்டைக் காட்டி, இதே தரத்தில் இன்று கட்டினால் சதுர அடிக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். பேச்சுக்கு 2,300 என்றார் என்று வைத்துக்கொள்வோம். 1,050 சதுர அடிக்கு 24,15,000. மீதி 27,85,000-ஐ 1,200-ஆல் வகுத்தால், மனைக்குச் சதுர அடி சுமார் 2,320 கேட்கிறார் என்று தெரியும். 46 லட்சத்துக்குப் போன வீட்டை இதே மாதிரி வகுத்தால் மனை 1,820. கட்டடக் கூலி ஒரு வருடத்தில் இந்த அளவு ஏறியிருக்காது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "மனை சதுர அடிக்கு 500 ரூபாய் ஏன் கூடியது?" அதற்குப் புதுச் சாலை, குடிநீர் இணைப்பு, முனை மனை என்று பதில் வந்தால் பரிசீலியுங்கள். வரிவிலக்கு என்று பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

46 என்பது கேள்விதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். tnreginet.gov.in தளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், அந்த மனைப்பிரிவில் நடந்த கிரயங்களும் பத்திரத்தில் காட்டிய தொகையும் தெரியும். ஒரு எச்சரிக்கை: பலர் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே தொகை காட்டுகிறார்கள். அதனால் அங்கே காணும் எண் உண்மை விலையைவிடக் குறைவாக இருக்கலாம். வங்கிக் கடனோடு நடந்த கிரயமா என்று பாருங்கள். கிரயப் பத்திரத்தை அடுத்து வங்கி பெயரில் அடமானப் பதிவு இருந்தால், அந்தத் தொகை உண்மைக்கு நெருக்கமாக இருக்கும், ஏனென்றால் பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் கடனும் குறையும். அந்த மாதிரி இரண்டு மூன்று கிரயம் கிடைத்தால் போதும்.

உங்களிடமும் "ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுங்கள், விலையைக் குறைக்கிறேன்" என்று பேச்சு வரலாம். கடன் எடுத்து வாங்குபவருக்கு அது எந்த வகையிலும் உதவாது, சொத்துக் கிரயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறுவது சட்டப்படி தண்டத்துக்குரியது. அந்தப் பேச்சை வளர விடாதீர்கள்.

என் யோசனை, 47 வரை போகலாம். அவசரம் காட்ட வேண்டாம். ஆடியில் நம் பக்கத்தில் யாரும் வீடு கிரயம் செய்ய வருவதில்லை. அந்த மாதம் புரமோட்டருக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு ஓடாது. அப்போது போய் உட்காருங்கள்.

அவர் இறங்கவே இல்லையென்றால், வல்லம் பக்கம் ஒப்புதல் பெற்ற மனை வாங்கிக் கட்டுவதையும் யோசித்துப் பாருங்கள். செலவில் பாதிக்கு மேல் கட்டடத்துக்குப் போவதால், நீங்கள் கொடுக்கும் பணத்துக்குச் சரக்கு கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மனைக்கு மட்டும் கடன் வாங்கிப் போட்டு வைத்தால் பழைய முறையிலும் வட்டிக் கழிவு கிடையாது. வீடு கட்டி முடித்த ஆண்டிலிருந்துதான் கிடைக்கும், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் கட்டி முடிக்காவிட்டால் 2 லட்சம் 30,000 ஆகிவிடும். நீங்கள் புதிய முறையில் இருக்கும் வரை இது உங்களைத் தொடாது. நாளை சட்டம் மாறி, வேறு ஊருக்கு மாற்றலாகி, பழைய முறை உங்களுக்குப் பலன் தரும் நிலை வந்தால் தேவைப்படும். அதனால் மனை, கட்டுமானம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கடனாக எடுத்து, கட்டி முடித்ததற்கான சான்றிதழையும் வங்கி தரும் ஆண்டு வட்டிச் சான்றிதழையும் பத்திரத்தோடு வைத்திருங்கள்.